இரண்டு தாள்களில் ஒரே கையெழுத்து

நீலமயில் சவர்க்கார ஆலையில் சோமசேகரம் கிளாக்கராகச் சேர்ந்தது ஐம்பத்தேழாம் ஆண்டு. முதல் நாளே தியாகலிங்கம் முதலாளி அவர் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு பாராட்டை வைத்துக்கொண்டு சோமசேகரம் இருபத்துமூன்று வருசம் அந்த மேசையில் இருந்தார்.

உடுப்பிட்டிக்காரர். இணுவிலில் கலியாணம் செய்து, மனைவி மகாதேவிக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பியது. கதவு நிலை வைத்தார்கள். கூரைக்குக் காசு வரவில்லை. தென்னோலைக் கிடுகு போட்டு, அதன் கீழே பதினான்கு மாரிகாலங்களைக் கழித்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அவர் வேலையை விடும்போது சேவைக் காசாக ஒன்பதாயிரம் ரூபாய் தருவதாக முதலாளி பலபேர் முன்னிலையில் சொல்லியிருந்தார். ஓடு, தீராந்தி, கைமரம், மேசன் கூலி எல்லாவற்றையும் அந்த ஒன்பதாயிரத்துக்குள் அடக்கி மகாதேவி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருசம் இருந்தது.

ஆலையில் தொண்ணூறு பேர் வேலை செய்தார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் ஆறே பேர். அவர்களில் ஆகக் கூடிய சம்பளம் செபநாயகத்துக்கு. சவர்க்காரம் காய்ச்சும் பகுதிக்குப் பொறுப்பானவன், பாசையூர் ஆள், நாற்பது வயது, வாய்க்காரன். அவனுடைய சம்பளத்திலிருந்து மாதம் அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம் வரியாகக் கழிக்கப்பட்டது. ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் இருநூற்றுத்தொண்ணூறு.

சம்பளத்தில் கழித்த வரியை அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் முதலாளி இறைவரிக் கந்தோருக்குக் கட்டவேண்டும். வருசம் பங்குனியோடு முடிந்ததும், யாருக்கு எவ்வளவு சம்பளம், அதில் எவ்வளவு வரி கழித்தது என்று ஆண்டுக் கூற்று ஒன்றைச் சித்திரை முப்பதுக்குள் அனுப்பவேண்டும். அதே கணக்கை ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனிச் சான்றிதழாகக் கொடுக்கவேண்டும். கூற்றும் சான்றிதழும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல இருக்கவேண்டும். அதற்குத்தான் இரண்டு தாள்.

சட்டம் இப்படி. நீலமயில் ஆலையில் நடந்தது வேறு.

சம்பளநாளில் சோமசேகரம் வரிக் காசை எண்ணி ஒரு மண்ணிறக் கடித உறையில் போடுவார். உறையின்மேல் "வரி – ஆடி", "வரி – ஆவணி" என்று எழுதுவார். காசுப் புத்தகத்தில் அன்றைக்கே "வரிக்கு ரூ. 290" என்று செலவெழுதிவிட்டு, முதலாளியின் அறையில் அம்மன் படம் வைத்திருந்த தட்டில் உறையை வைப்பார். காசு எதுவானாலும் ஓர் இரவு அம்மனுக்கு முன்னால் இருந்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றநாள் முதலாளி உறையை எடுத்துக் கொடுப்பார். சோமசேகரம் பஸ் ஏறிப்போய்க் கட்டிவிட்டு ரசீதோடு வருவார். உறையை வைத்ததற்கும் துண்டுச் சீட்டு இல்லை, எடுத்ததற்கும் துண்டு இல்லை. அம்மன் சாட்சி. அந்தச் சாட்சியை எந்தக் கந்தோரிலும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்பதை ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு சித்திரை முதல் ஆடி வரை நாலு உறைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஆவணி உறை வரவில்லை. சோமசேகரம் கேட்டதற்கு, "பொறும், ஒண்டாய்க் கட்டுவம்" என்றார் முதலாளி. புரட்டாதி உறையும் வரவில்லை. ஐப்பசியும் வரவில்லை. ஆலைக்குப் பின்னால் இருந்த அம்மன் கோயில் முதலாளியின் குடும்பக் கோயில். அதற்கு அந்த வருசம் தேர் செய்தார்கள். மாவிட்டபுரம் பக்கத்துத் தச்சர்கள் வந்து மூன்று மாதம் இருந்து கொத்தினார்கள். கொட்டகைக்கும் சோற்றுக்கும் காசு ஓடிக்கொண்டிருந்தது.

மாசி மாதம் ஒருநாள் செபநாயகம் கணக்கு அறைக்குள் சிரித்துக்கொண்டு வந்தான். அளவெட்டியிலிருந்து மேளக்காரர் திருவிழாவுக்கு அச்சாரம் வாங்க வந்திருந்தாராம். முதலாளி அம்மன் தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்து அப்படியே கொடுத்தாராம்.

"உங்கடை எழுத்து, அண்ணை. 'வரி – கார்த்திகை' எண்டு முத்து முத்தாய்க் கிடக்கு. அந்தாளும் அதைக் கண்ணிலை ஒத்தி மடியிலை வைச்சிட்டார். கார்த்திகை மாச வரி இனி நாயனத்துக்குள்ளாலை வரும், கேளுங்கோ."

சோமசேகரமும் சிரித்தார். சிரித்த பிறகு காசுப் புத்தகத்தைத் திறந்து, கார்த்திகை வரிக்குத் தான் எழுதிய செலவை ஒருமுறை பார்த்தார்.

எண்பதாம் ஆண்டு சித்திரை மாதம் கொடியேறியது. முதலாளி கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். காப்புக் கட்டினால் பன்னிரண்டு நாளும் கோயில் வீதியைத் தாண்டமாட்டார், ஆலைக்குள் கால் வைக்கமாட்டார், காசு தொடமாட்டார், பேனை பிடித்துக் கையெழுத்து வைக்கமாட்டார். தீர்த்தம் முப்பதாம் திகதி. அது பௌர்ணமி விடுமுறை, கந்தோர் பூட்டு. ஆகவே ஆண்டுக் கூற்று இருபத்தொன்பதாம் திகதியே போய்ச் சேரவேண்டும். இருபத்தொன்பது தேர்.

சோமசேகரம் இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் கூற்றுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். முதலாளி வெறும் மேலோடு, பட்டு வேட்டியும் பூசிய திருநீறுமாக, தேரின் சில்லுக்குப் பக்கத்தில் நின்று பூமாலை எண்ணிக்கொண்டிருந்தார். காசு எண்ணக்கூடாது, மாலை எண்ணலாம்.

நிலைமையை மெதுவாகச் சொன்னார். கழித்தது பன்னிரண்டு மாதம், கட்டியது நாலு மாதம். படிவம் கேட்பது கழித்த தொகையை.

"கட்டினதை எழுதும்" என்றார் முதலாளி. "ரசீதோடை ஒத்துவந்தால் அவங்கள் பேசாமல் இருப்பாங்கள். மிச்சத்தை ஆனியிலை கட்டிப்போட்டு, பிழை வந்திட்டுதெண்டு திருத்தின கூற்றுக் குடுப்பம்."

"கையெழுத்து, முதலாளி?"

"நீர் வையும். எனக்காக வைக்கிறதாய்ப் போடும். காப்போடை நான் பேனை தொடுறதே?"

சோமசேகரம் படிவத்தை மடித்துக்கொண்டார். முதலாளி கொஞ்சம் குங்குமம் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்து, "அம்மாள் இருக்கிறா, போம்" என்றார்.

மற்றநாள் காலை, தேர் அசைந்து வெடி கேட்ட நேரத்தில், ஆளில்லாத ஆலையில் தனியாக இருந்து ஆண்டுக் கூற்றை எழுதினார். செபநாயகம், கழித்த வரி ரூ. 250. ஆறு பேருக்கும் சேர்த்து ரூ. 1,160. முதலாளிக்காக என்று போட்டுத் தன் கையெழுத்தை வைத்தார். பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது. வியர்த்துப்போன சனம் மோர் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு சான்றிதழ்கள். இவற்றை எழுதும்போது அவருடைய கை நின்றது. கூற்று யாரோ முகம் தெரியாத ஓர் உத்தியோகத்தருக்குப் போகும் தாள். சான்றிதழ் மேசைக்கு முன்னால் வந்து நின்று கைநீட்டும் மனிதனுக்குக் கொடுக்கும் தாள். மாதாமாதம் சம்பள ஏட்டில் அறுபத்திரண்டு ஐம்பதைக் கழித்துக் காட்டி, முத்திரைமேல் ஒப்பம் வாங்கியவர் அவர்தான். அந்த மனிதனுக்கு இருநூற்றைம்பது என்று எழுதிக் கொடுக்க அவரால் முடியவில்லை. சம்பள ஏட்டைத் திறந்துவைத்து, அதில் உள்ளபடி ரூ. 750 என்று எழுதினார். ஆறு சான்றிதழ்களிலும் கழித்த தொகையையே எழுதினார். அவற்றிலும் முதலாளிக்காகத் தானே ஒப்பம் வைத்தார். ஆனியில் திருத்திய கூற்றுப் போகும். போனால் இரண்டும் ஒத்துவரும் என்று நினைத்தார்.

அவர் வாழ்க்கையில் துணிந்து செய்த நேர்மை அது ஒன்றுதான். கழுத்தில் சுருக்காக விழுந்ததும் அதுதான்.

ஆனி வந்தது. தேர்க்கடன் இருக்கிறது என்றார் முதலாளி. ஆடி, ஆவணி போயின. அதற்குப் பிறகு கேட்பதைச் சோமசேகரம் விட்டுவிட்டார்.

செபநாயகத்துக்குச் சம்பளத்தைத் தவிர வீட்டு வாடகையும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. ஆகவே அவன் வருமான விபரம் காட்டவேண்டியிருந்தது. காட்டினான், சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தான். கந்தோரில் அவனுடைய வரிக் கோவையைப் பார்த்தவர் கனகரத்தினம் என்ற மதிப்பாளர். சான்றிதழில் உள்ள தொகையை முதலாளியின் ஆண்டுக் கூற்றோடு ஒத்துப்பார்த்தபிறகுதான் அவர் எந்தக் கோவையையும் மூடுவார். ஒத்துப்பார்த்தார். இங்கே எழுநூற்றைம்பது. அங்கே இருநூற்றைம்பது. ஆலைக்கும் செபநாயகத்துக்கும் கடிதம் போனது.

கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு முதலாளியும் சோமசேகரமும் செபநாயகமும் கந்தோருக்குப் போனார்கள். கனகரத்தினம் மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். அழகான எழுத்து. ஒரே மை. ஒரே ஒப்பம். இடையில் ஐந்நூறு ரூபாய் பள்ளம்.

"இது ரண்டையும் எழுதினது ஆர்?"

"நான்தான்" என்றார் சோமசேகரம்.

"எது சரி?"

"சான்றிதழ் சரி. சம்பள ஏட்டிலை கிடக்கு."

"அப்ப கூற்றிலை ஏன் குறைச்சு எழுதினனீங்கள்?"

சோமசேகரம் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி காத்திருந்தவர்போலத் தொடங்கினார். அப்போது தான் காப்புக் கட்டிக் கோயிலுக்குள் இருந்ததாகவும், அதை ஊரே கண்டது என்றும், எழுதியதும் ஒப்பம் வைத்ததும் தன் கிளாக்கர் என்றும், இருபத்துமூன்று வருச நம்பிக்கை என்றும் சொன்னார். கொண்டுவந்த காசுப் புத்தகத்தை விரித்தார். மாதாமாதம் "வரிக்கு ரூ. 290" என்று செலவெழுதியிருந்தது. அதுவும் அதே முத்து எழுத்து.

"நான் காசைக் குடுத்தனான். புத்தகத்திலை கிடக்கு. நாலு மாசத்துக்கு ரசீது கிடக்கு. எட்டு மாசத்துக்கு ரசீதில்லை. மிச்சத்தை நீங்கள் யோசியுங்கோ."

உறையைப் பற்றிச் சோமசேகரம் சொல்லத் தொடங்கினார். அம்மன் தட்டு, ஆவணி உறை, கார்த்திகை உறை. சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலிக்கிறது என்று அவருக்கே கேட்டது. பிறகு நினைவு வந்தவராக, "தம்பி கண்டவன்" என்று செபநாயகத்தைக் காட்டினார். "மேளக்காரருக்கு அந்த உறையைத்தான் குடுத்தது. தம்பி, சொல்லுமன்."

செபநாயகம் தன் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதோ ஒரு உறை குடுத்தவர்தான். மேலை என்ன எழுதியிருந்ததெண்டு நான் கவனிக்கேல்லை."

கனகரத்தினம் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. ஆனால் அவருடைய வேலை திருடனைக் கண்டுபிடிப்பதில்லை, வரியை அறவிடுவது. செபநாயகம் எழுநூற்றைம்பதும் கட்டியதாகவே கணக்கு என்றார். சம்பளத்தில் கழிபட்ட பிறகு அதை அவனிடம் இரண்டாந்தரம் கேட்கச் சட்டம் இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் அப்படித்தான். கட்டாத இரண்டாயிரத்து முந்நூற்றிருபதையும், அதற்கு மேலே தண்டத்தையும் முதலாளிதான் கட்டவேண்டும்.

"உங்கடை கிளாக்கர் எடுத்தாரோ, உங்கடை அம்மாள் எடுத்தாவோ, எனக்குத் தெரியாது. சட்டத்திலை முதலாளிதான் பொறுப்பு" என்றார். பிறகு சோமசேகரத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் சான்றிதழையும் குறைச்சு எழுதியிருந்தால் ஆறு பேரும் செத்திருப்பினம். இது பிடிபட்டும் இராது" என்றார்.

அது ஆறுதலாகச் சொன்னதா, அறிவுரையாகச் சொன்னதா என்று சோமசேகரத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சட்டம் முதலாளியைப் பிடித்தது. முதலாளி தனக்குக் கீழே இருந்தவரைப் பிடித்தார். காசு உள்ளவனைச் சட்டம் தொட்டால் அவன் அந்தக் கையை எடுத்து இல்லாதவனின் தோளில் வைத்துவிடுவான். இந்த நாட்டில் அதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை.

மறுகிழமை ஆறு பேரையும் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். வரிக் காசு கிளாக்கரின் கையில் இருந்ததாகவே தாங்கள் அறிந்திருந்ததாக ஒரு கடிதம் தட்டச்சில் இருந்தது. தைப்பொங்கலுக்குச் சம்பளம் கூடும் என்ற கதையும் அதோடு உலாவியது. ஐந்து பேர் வாசிக்காமல் ஒப்பம் வைத்தார்கள். செபநாயகம் வாசித்துவிட்டு வைத்தான். முழுத் தொகையும் எழுதிய சான்றிதழால் தப்பிய ஆறு பேரின் ஒப்பமும் அதை எழுதியவருக்கு எதிராக ஒரே தாளில் வரிசையாக நின்றது.

அதைச் சோமசேகரத்துக்குக் காட்டிவிட்டு, முதலாளி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

"நான் பொலிசுக்குப் போகேல்லை. அம்மாளை நினைச்சுப் பேசாமல் இருக்கிறன். நீர் எடுத்ததெண்டு எழுதித் தாரும். சேவைக் காசை அந்தக் கணக்கிலை கழிச்சுக்கொள்ளச் சம்மதமெண்டும் எழுதும்."

"நான் எடுக்கேல்லை, முதலாளி."

"எடுக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. அறையில் வேறு ஒருவரும் இல்லை. அம்மன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. "ஆனால் உம்மடை எழுத்து எடுத்ததெண்டு சொல்லுது. பொலிசும் எழுத்தைத்தான் வாசிக்கும். மகாதேவி பொலிஸ் வாசலிலை வந்து நிக்கிறதை யோசிச்சுப் பாரும்."

சோமசேகரம் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதினார். அதுதான் அவருக்குப் பிற்பாடு நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது. அந்தப் பொய்யையும் அதே அழகோடு, வரி கோணாமல், எழுத்து குலையாமல் எழுதினார். முதலாளி வாங்கி வாசித்துவிட்டு, பழைய ஞாபகத்தில்போல, "அச்சடிச்ச மாதிரி" என்றார்.

தண்டத்தோடு சேர்த்து ஆலை கட்டியது மூவாயிரத்துக்குள். சோமசேகரத்துக்கு நிறுத்தியது ஒன்பதாயிரம். மிச்சம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குத் தேருக்குப் புதுச் சீலையும் வெள்ளிக் கலசமும் வந்தன.

மகாதேவி கொப்பியைக் கிழிக்கவில்லை. "இஞ்சருங்கோ, இந்தமுறையும் கிடுகுதானே?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஓம் என்றார். கிடுகு பின்ன ஓலை ஊறப்போட்டாள். தேரன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை. அவர் முந்தியும் பக்திக்காகப் போனவர் அல்ல. இப்போது அந்தத் தெருவால் போவதையே விட்டார்.

களவெடுத்த கிளாக்கருக்கு வேறு ஆலையில் வேலை யார் கொடுப்பார்? அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குக் கிட்ட ஒரு வாகை மரத்தின் கீழே மேசை போட்டு விண்ணப்பம், மனு, வருமானப் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினார். படிவத்துக்கு இரண்டு ரூபாய். வருகிறவர்கள் சான்றிதழைக் கொடுத்தால் முதலில், "சம்பளத் துண்டுகள் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்பார். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிச் சான்றிதழோடு ஒத்துப்பார்ப்பார். ஒரு சதம் வித்தியாசம் இருந்தாலும் நிரப்பமாட்டார். போய்த் திருத்திக்கொண்டு வரச் சொல்வார். சில பேர் எரிச்சலோடு எழும்பிப் பக்கத்து மேசைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த வருசம் வைகாசியில் ஒருநாள் செபநாயகம் வந்தான். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, கொஞ்சநேரம் மழையைப் பற்றிக் கதைத்தான். பொங்கலுக்குச் சம்பளம் கூடியிருந்தது. அதனால் இந்தமுறை வரியும் கூடுதல். சான்றிதழை நீட்டினான். புதுக் கிளாக்கரின் கிறுக்கல். முதலாளியே ஒப்பம் வைத்திருந்தார். சோமசேகரம் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

படிவத்தை எடுத்து, பேனையைத் திறந்தார்.

செபநாயகம் அவருடைய கைமேல் கையை வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான்.

"குறை நினையாதையுங்கோ, அண்ணை. உங்கடை எழுத்து கந்தோரிலை எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டால் திரும்பவும் கோவையைக் கிண்டுவாங்கள். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

சோமசேகரம் பேனையைத் திருப்பி அவனிடம் கொடுத்தார். எந்தக் கட்டத்தில் எந்தத் தொகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செபநாயகம் குனிந்து எழுதினான். முடிந்ததும் மேசையில் இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனான்.